பைபாஸ் தீவனம்: எந்த மாட்டுக்கு, எப்போது?

கடந்த தவணையில் படிவம் நான்கு மாணவன் ஒருவன் ஒரு தீவன மூட்டையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். "சார், அப்பா இதை வாங்கி எல்லா மாட்டுக்கும் போடுறாரு. பைபாஸ்னா என்ன சார்? இதுனால பால் கூடுமா?" என்று கேட்டான். அவர்கள் வீட்டில் ஒன்பது மாடுகள். மூட்டையோ 25 கிலோ. சாதாரணத் தீவனத்தைவிட அதன் விலை பல மடங்கு.

கேள்வி எளிது. பதில்தான் மாட்டுக்கு மாடு மாறும்.

மாட்டின் முதல் இரைப்பை ஒரு பெரிய நொதித்தல் தொட்டி. அதில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்களே புல்லின் நாரைச் செரிக்கின்றன. புரதம் உள்ளே போனால் அதில் பெரும்பகுதியை அவை அம்மோனியாவாக உடைத்து, அதைக்கொண்டு தங்கள் உடலைக் கட்டிக்கொள்கின்றன. பிறகு அந்த நுண்ணுயிர்களே நான்காம் இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் அடித்துச் செல்லப்பட்டு மாட்டுக்குப் புரதமாகின்றன. மிஞ்சும் அம்மோனியா கல்லீரலில் யூரியாவாகிச் சிறுநீரில் போய்விடும்.

குறைவாகப் பால் கறக்கும் மாட்டுக்கு இந்த ஏற்பாடே போதும். நல்ல புல்லும் ஓரளவு பிண்ணாக்கும் கிடைத்தால், நுண்ணுயிர் தரும் புரதமும் இயல்பாகவே தப்பி வரும் சிறு பகுதியும் சேர்ந்து ஏறக்குறைய 10 லிட்டர் பாலுக்கு ஈடுகொடுக்கும். 20 லிட்டர் கறக்கும் மாடு பாலில் மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 650 கிராம் புரதத்தை வெளியே தருகிறது. நுண்ணுயிர்கள் அவ்வளவு வேகமாகப் பெருக முடியாது. பிண்ணாக்கைக் கூட்டிப் போட்டாலும் அம்மோனியாதான் கூடும். அங்கேதான் முதல் இரைப்பையில் உடையாமல் கடந்து, சிறுகுடலில் செரிக்கும் பைபாஸ் புரதம் தேவைப்படுகிறது.

இதற்கென்று எப்போதும் தனி மூட்டை வாங்க வேண்டியதில்லை. தேங்காய்ப் பிண்ணாக்கு, சோளப் புரதத் தூள் ஆகியவற்றில் கணிசமான பகுதி இயல்பாகவே தப்பி வந்துவிடும். கடலைப் பிண்ணாக்கு விரைவில் கரைந்து உடைந்துவிடும். அப்படிப்பட்டவற்றைத்தான் ஆலையில் சூடாக்கியோ, அளந்த ஃபார்மால்டிஹைடு சேர்த்தோ பாதுகாக்கிறார்கள். அந்த அளவு தவறினால் முதலுக்கே மோசம். சூடு அதிகமானால் லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையுடன் பிணைந்து, சிறுகுடலிலும் செரிக்காமல் சாணத்தில் போய்விடும். எனவே இதை வீட்டில் செய்து பார்க்கக் கூடாது.

அடுத்து கொழுப்பு. கன்று ஈன்ற ஐந்தாறு வாரத்தில் பால் உச்சத்தைத் தொடுகிறது. மாட்டின் பசியோ பத்து, பன்னிரண்டு வாரத்தில்தான் உச்சத்துக்கு வரும். இடைப்பட்ட காலத்தில் மாடு தன் உடல் கொழுப்பைக் கரைத்துப் பால் தருகிறது. முதுகெலும்பு தெரிய மெலிகிறது. சினைக்கு வரத் தாமதமாகிறது. தீவனத்தின் அளவைக் கூட்ட முடியாத அந்த நாட்களில், அதே அளவுக்குள் அதிக சக்தியை அடக்கக் கொழுப்புதான் வழி. மாவுச்சத்தைவிட அதில் இரு மடங்குக்கு மேல் சக்தி இருக்கிறது.

"அப்படியானால் சமையல் எண்ணெயை ஊற்றினால் என்ன?" என்று அந்த மாணவனே கேட்டான். எண்ணெய் அதிகமானால் நார் செரிக்கும் நுண்ணுயிர்களை ஒடுக்கிவிடும். மாடு புல்லைக் குறைக்கும். பாலில் கொழுப்பும் குறையும். அதனால்தான் செம்பனைக் கொழுப்பு அமிலங்களைக் கால்சியத்துடன் சேர்த்து ஒருவகை உப்பாக மாற்றுகிறார்கள். கடின நீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்குப் பதில் வெள்ளையாக ஒரு படிவு மிதக்குமே, அதே இனப் பொருள்தான் இது. முதல் இரைப்பையின் காரகாடித்தன்மை, அதாவது pH, 6க்கு மேல் இருக்கும்வரை இது கரையாமல் கடந்து போகும். அமிலம் மிகுந்த நான்காம் இரைப்பையில் பிரிந்து, சிறுகுடலில் உறிஞ்சப்படும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புல்லைக் குறைத்து அடர்தீவனத்தை அள்ளிப் போட்டால் முதல் இரைப்பையே புளித்து, pH 6க்குக் கீழே இறங்கிவிடும். அப்போது இந்த உப்பு அங்கேயே பிரியத் தொடங்கும். காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பு போய்விட்டது. வெறும் எண்ணெய் ஊற்றியதற்குச் சமம். சாணம் இளகி நுரைத்திருந்தால், மாடு அசை போடுவது குறைந்திருந்தால், முதலில் சரிசெய்ய வேண்டியது புல்லைத்தான்.

இனி கணக்கு. விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எளிய எண்களை வைத்துக்கொள்வோம். பைபாஸ் கொழுப்பு கிலோ 7 ரிங்கிட், பால் லிட்டர் 3 ரிங்கிட் என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 200 கிராம் கொடுத்தால் செலவு 1 ரிங்கிட் 40 சென். அதில் பால் உற்பத்திக்கு உதவும் சக்தி சுமார் 1 மெகா கலோரி. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 0.7 மெகா கலோரி வேண்டும். ஆகவே, முழுதும் பாலாகவே மாறினாலும் ஒன்றரை லிட்டருக்கு உள்ளேதான் கூடும். செலவை ஈடுகட்ட அரை லிட்டர் போதும்.

ஈன்று நான்கு வாரமான, 18 லிட்டர் கறக்கும் மாடு சக்திக்குத் தவிக்கிறது. அது அரை லிட்டரைத் தாண்டிவிடும் வாய்ப்பு அதிகம், மெலிவும் குறையும். ஈன்று ஏழு மாதமாகி 7 லிட்டர் கறக்கும் மாட்டுக்குப் புல்லிலேயே தேவையான சக்தி கிடைத்துவிடுகிறது. கூடுதல் கொழுப்பு அதன் உடலில் படியுமே தவிர பாலாகாது. ஒன்பது மாட்டுக்கும் 200 கிராம் வீதம் போட்டால் மாதம் 378 ரிங்கிட். தேவைப்படும் இரண்டு மாட்டுக்கு மட்டும் போட்டால் 84 ரிங்கிட்.

எனவே என் கருத்து இதுதான்: ஈன்ற முதல் மூன்று மாதத்தில், 15 லிட்டருக்கு மேல் கறக்கும், நல்ல புல் வயிறார உண்ணும் மாட்டுக்கு இந்தச் செலவு தகும். மற்றவற்றுக்கு அதே பணத்தை, முற்றிப்போன நேப்பியர் புல்லை ஆறு வாரத்திலேயே அறுக்கும் கூலிக்குக் கொடுப்பது மேல். கொழுப்பைக் கொடுக்கும்போதும் சவர்க்கார வாடையால் மாடு முதலில் ஒதுக்கும். 50 கிராமில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்ட வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று பார்ப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஈன்ற புதிதில் எதுவும் சேர்க்காமலே பால் நாளுக்கு நாள் கூடும். அந்த ஏற்றத்தை மூட்டையின் புண்ணியம் என்று நம்பிவிடுகிறோம். உச்சம் கடந்த பிறகு இரண்டு வாரம் கொடுத்து, இரண்டு வாரம் நிறுத்தி, மறுபடி இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். நிறுத்தியபோது பால் சட்டென இறங்கி, மீண்டும் கொடுத்தபோது அந்த இறக்கம் தடைபட்டால்தான் அது தீவனத்தின் வேலை.

அந்த மாணவனிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தேன். மாட்டின் பெயர், ஈன்ற தேதி, காலைப் பால், மாலைப் பால் என்று கோடு போட்டுக்கொண்டு போனான். மூன்றாவது வாரம் வந்து, "சார், அந்த மூட்டை ரெண்டு மாட்டுக்குத்தான்னு அப்பாவே சொல்லிட்டாரு" என்றான்.