எண்ணெய் போட்டு இருத்தி வைத்தால் முழங்கால் தேறாது

சரவணை, வேலணைப் பக்கம் கரப்பந்தாடும் பிள்ளைகளின் பெற்றோரோடு நாங்கள் கொஞ்சம் சண்டை பிடிக்க வேண்டியிருக்கிறது.

பாய்ந்து அடிக்கிற பெடியனுக்கு முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் நோகிறது. "நரம்பு பிரண்டிட்டுது" என்று எண்ணெய் போட்டு உருவி, ஒரு மாதம் வீட்டில் இருத்துகிறோம். நோ போகிறது. திரும்ப விளையாடி மூன்றாம் நாள் அதே இடம் நோகிறது. அது நரம்பல்ல, சில்லையும் கீழெலும்பையும் இணைக்கும் தசைநாண். சுமை தாங்கித் தாங்கித்தான் அது பலப்படும். ஒரு மாதம் சும்மா இருந்தால் இன்னும் பலம் குறையும்.

18 வயதுப் பெடியன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். பாய்ச்சலை மட்டும் முதலில் நிறுத்துங்கள். தூணில் தடித்த பட்டியொன்றைக் கட்டி, தூணைப் பார்த்து நின்று, அதை இரண்டு முழங்காலுக்கும் பின்னால் கொடுத்து, கதிரையில் இருப்பதுபோலப் பின்னால் சாய்ந்து இறங்கி அசையாமல் நிற்க வேண்டும். 45 செக்கன், ஐந்து தரம், இடையில் இரண்டு நிமிட ஓய்வு. அவுஸ்திரேலியாவில் 2015இல் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், இப்படித் தசையை அசையாமல் இறுக்கிப் பிடித்த கரப்பந்து வீரர்களுக்கு முக்கால் மணித்தியாலமாவது நோ குறைந்திருந்தது. எல்லோருக்கும் அப்படிக் குறையாது.

நோ குறைந்ததும் இதோடு விட்டுவிடுகிறார்கள், அதுதான் பெரிய பிழை. நாணைப் பலப்படுத்துவது அடுத்த கட்டம்: பாரமாக, மெதுவாக. மண் நிரப்பிய புத்தகப்பையை முதுகில் போட்டு, ஒற்றைக் காலால் கதிரையில் இருந்து எழும்ப மூன்று செக்கன், இறங்க மூன்று செக்கன். முதல் வாரம் 15 தரம். 16ஆவது முடியாத அளவு பாரம் இருக்க வேண்டும். அப்படி நான்கு சுற்று, கிழமைக்கு மூன்று நாள். பிறகு பாரத்தைக் கூட்டி, எண்ணிக்கையை 12, 10, 8 என்று குறைத்து, கடைசி நான்கு வாரம் ஆறில் நிறுத்துங்கள். மொத்தம் 12 வாரம்.

நோகும்போது செய்யலாமா? பத்துக்கு மூன்று அளவு நோ பரவாயில்லை. அடுத்த நாள் காலை ஒற்றைக் காலில் மெல்லக் குந்திப் பாருங்கள். நேற்றையதைவிடக் கூட நோகுதென்றால் பாரத்தைக் குறையுங்கள், பயிற்சியை விடாதீர்கள். ஆனால் "டக்" என்ற சத்தத்தோடு காலை நீட்டவே முடியாமல் போனால், அல்லது முழங்கால் முழுதும் வீங்கினால், அன்றே ஆசுபத்திரி.

"ஒரு ஊசி போட்டால் போச்சு" என்பவர்களுக்கும் ஒரு பதில். டென்மார்க்கில் 2009இல் ஸ்டீரொயிட் ஊசியையும் இந்தப் பாரப் பயிற்சியையும் ஒப்பிட்டார்கள். 12 வாரத்தில் இரண்டுமே நன்மை தந்தன. அரை வருடத்தில் ஊசி போட்டவர்களுக்கு நோ திரும்பியது; பயிற்சி செய்தவர்கள் தேறியபடியே இருந்தார்கள்.

ஆகவே அடுத்த போட்டிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எங்களிடம் வந்து "சேர், இவனை எப்படியாவது இறக்குங்கோ" என்று கேட்காதீர்கள். இறக்க மாட்டோம்.