0.1 சதவீதம், எதில்?

கவுன்ட்-மின் ஸ்கெட்ச் பற்றிப் பேச்செடுத்தால் மென்பொருள்காரர்கள் பலர் ஒன்றையே சொல்கிறார்கள்: "பிழையை 0.1 சதவீதம்னு வெச்சுட்டா எந்த எண்ணிக்கையைக் கேட்டாலும் கிட்டத்தட்ட சரியா வரும்." நேர்முகத் தேர்வுகளில்கூட இந்தப் பதிலுக்குத் தலையாட்டுகிறார்கள். ஆனால் இது தவறு. இதை நம்பி, அளவுக்கு மீறிப் பாக்கெட் அனுப்பும் முகவரிகளுக்கு ஒரு தடைப் பட்டியல் தயாரித்தால் குற்றமற்றவர்கள் அதில் மாட்டுவார்கள்.

கிரகாம் கார்மோடும் எஸ். முத்துகிருஷ்ணனும் 2005-இல் வெளியிட்ட கட்டுரை தரும் உத்தரவாதம் வேறு. இந்த ஸ்கெட்ச் என்பது எண்கள் நிறைந்த ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரிசைக்கும் தனியாக ஒரு ஹாஷ் உண்டு. ஒரு பாக்கெட் வந்தால், அதை அனுப்பிய முகவரி ஒவ்வொரு வரிசையிலும் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அந்தக் கட்டத்தில் 1 கூடும். பல முகவரிகள் ஒரே கட்டத்தைப் பகிர்ந்துகொள்வதால் கட்டத்தின் எண் உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம். குறைவாக இருக்கவே முடியாது (எதையும் கழிக்காதவரை). அதனால்தான் எண்ணிக்கையைக் கேட்கும்போது, எல்லா வரிசைகளிலும் உள்ள எண்களில் மிகச் சிறியதை எடுத்துக்கொள்கிறோம். அந்த விடை உண்மையைவிட அதிகபட்சம் εN கூடுதலாக இருக்கும், அதைத் தாண்டும் வாய்ப்பு δ-வுக்கு மேல் போகாது என்பதே கட்டுரை சொல்வது. இதில் N என்பது மொத்தப் பாக்கெட்டுகள். நீங்கள் கேட்ட முகவரியின் எண்ணிக்கைக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரத்தில் 1 கோடி பாக்கெட், 1 லட்சம் முகவரிகள், ஒவ்வொன்றும் சரியாக 100 பாக்கெட் அனுப்பியது என்று வைத்துக்கொள்வோம். ε = 0.001, δ = 0.01. கட்டுரையின் சூத்திரப்படி அகலம் e/ε, அதாவது 2,719 கட்டங்கள். வரிசைகள் ln(1/δ), அதாவது 5. கட்டத்துக்கு 4 பைட் என்றால் மொத்தம் 55 கேபிகூட எட்டாத சிக்கனம்தான். ஆனால் ஒரு கட்டத்தில் சராசரியாக 37 முகவரிகள் குவிகின்றன. கட்டத்தின் எண் 3,700-ஐ ஒட்டி நிற்கிறது. ஐந்தில் சிறியதை எடுத்தாலும் விடை 3,000 பக்கம் வரும். உண்மை 100, ஸ்கெட்ச் சொல்வது 3,000. இதில் உத்தரவாதம் எங்கும் மீறப்படவில்லை. εN இங்கே 10,000.

இப்போது "5,000-ஐத் தாண்டினால் தடை" என்று ஒரு விதி போட்டால் என்ன ஆகும்? இவற்றோடு 2,500 பாக்கெட் அனுப்பிய முகவரி ஒன்று இருந்தால், அது 5,500 என்று காட்டப்பட்டு வெளியே தள்ளப்படும். அதே ஸ்கெட்சில் 20 லட்சம் பாக்கெட் அனுப்பிய முகவரி ஒன்று இருந்திருந்தால், அதற்கு 10,000 பிழை வெறும் அரை சதவீதம். இந்தக் கருவி பெரியவர்களைக் கண்டுபிடிக்கச் செய்யப்பட்டது. சிறியவர்களை எண்ண அல்ல. சிறியவர்களையும் துல்லியமாக எண்ண ஆசைப்பட்டு εN-ஐ 1-க்குக் கொண்டுவந்தால் வரிசைக்கு 2.7 கோடி கட்டங்கள் தேவைப்படும். இருப்பதோ 1 லட்சம் முகவரிகள். சாதாரண ஹாஷ் டேபிளே துல்லியமாக எண்ணிவிடும், இடமும் மிச்சம்.

ஆகவே ε-ஐத் தடை வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 5,000 என்ற வரம்புக்கு 500 பிழை பொறுக்கலாம் என்றால் ε = 0.00005, அகலம் 54,366. ஐந்து வரிசைக்கு 1.1 எம்பி ஆகும். 5,000-ஐத் தாண்டிய எவரும் தப்ப மாட்டார். தவறாக மாட்டுபவரும் அநேகமாக 4,500-க்கு மேல் அனுப்பியவராகவே இருப்பார்.

அந்த "அநேகமாக" என்ற சொல்லிலும் பலர் ஏமாறுகிறார்கள். δ என்பது ஒரு கேள்விக்கான அளவு. 1 லட்சம் முகவரிகளையும் கேட்டால், 1 சதவீத வாய்ப்பின்படி சராசரியாக 1,000 விடைகள்வரை எல்லை மீற உத்தரவாதம் இடம் கொடுக்கிறது. δ-வைக் கோடியில் ஒன்றாக்கினால் 17 வரிசை, 3.7 எம்பி, அதற்கு மேல் செலவில்லை. இந்தச் சிறு தொகையை மிச்சப்படுத்தத்தான் ஆட்களைத் தடை செய்கிறோமா?

உங்கள் ஸ்கெட்ச் இப்போது ஓடிக்கொண்டிருந்தால், அதில் ஒருமுறைகூட வந்திராத ஆயிரம் முகவரிகளை இட்டுக்கட்டிக் கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 0 வர வேண்டும். அதற்குப் பதிலாக வரும் எண்கள்தான் உங்கள் ஸ்கெட்சின் உண்மையான பிழை. அவை தடை வரம்பில் பாதியைத் தொட்டால், அந்தத் தடைப் பட்டியலை இன்றைக்கே நிறுத்துங்கள்.