நூறு ரூபாயில் நாட்டின் கணக்கு

வரவுசெலவுத் திட்ட உரை முடிந்த மறுநாள் எமது தமிழ்ப் பத்திரிகைகளின் தலைப்புகள் பெரும்பாலும் ஒரே வகையாகவே அமைகின்றன: இதற்கு இத்தனை மில்லியன், அதற்கு இத்தனை பில்லியன். தொகைகள் சரியானவைதாம். ஆயினும் அவற்றிலிருந்து வாசகர் மனதில் பதியும் சித்திரம் சரியானதா என்பதே என் கேள்வி.

2025 பெப்ரவரி 17 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க சமர்ப்பித்த திட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தச் செலவு 7,190 பில்லியன் ரூபாய். வருமானம் 4,990 பில்லியன். பற்றாக்குறை 2,200 பில்லியன். இத்தொகைகளை மனத்தில் நிறுத்துவது எவருக்கும் கடினம். எனவே முழுச் செலவையும் நூறு ரூபாயாகச் சுருக்கிப் பார்ப்போம். அதில் 69 ரூபாய் வருமானத்திலிருந்து வருகிறது. 31 ரூபாய் கடன். வட்டிக்கு மட்டும் 2,950 பில்லியன், அதாவது 41 ரூபாய் போய்விடுகிறது. கடன் முதலைத் திருப்பிச் செலுத்துவது இந்தக் கணக்கில் சேராது. மக்களுக்கான எந்தச் சுருக்கமும் இந்த 41 ரூபாயிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

அதே திட்டத்தில் யாழ்ப்பாண நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1981இல் எரிக்கப்பட்ட அந்நூலகம் எமக்கு என்ன என்பதை எவரும் எமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நமது நூறு ரூபாய்க் கணக்கில் அத்தொகை ஒரு சதத்தின் ஏழில் ஒரு பங்கு மட்டுமே. வடக்கின் வீதிகளுக்கென அறிவிக்கப்பட்ட 5 பில்லியன் ஏழு சதம். இவற்றைத் தலைப்பாக்குவது தவறன்று. அளவைச் சொல்லாமல் தலைப்பாக்குவதே தவறு.

எனினும் நூறு ரூபாய்க் கணக்கும் ஏமாற்றக்கூடியதே. சுகாதாரத்துக்கு 604 பில்லியன் என்றது உரை. மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் நூறில் 8 ரூபாய் 40 சதம். வட்டியை ஒதுக்கிவிட்டு, மிஞ்சும் 4,240 பில்லியனோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 14 ரூபாய். அரசை ஆதரிப்பவர் 14 என்பார். எதிர்ப்பவர் 8 என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. எதன் பங்கு என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். ஆதலால் நான் சுருக்கம் எழுதும்போது இரண்டையும் அருகருகே தருவேன். எதனால் வகுத்தேன் என்பதையும் அதே வாக்கியத்தில் சொல்வேன்.

இறுதியாக ஒரு வினைச்சொல். 'ஒதுக்கினார்' என்பது 'செலவிட்டார்' அன்று, 'வழங்கினார்' என்பதுமன்று. பாராளுமன்றம் அளிப்பது செலவிடுவதற்கான அனுமதி மட்டுமே. திறைசேரி காசை விடுவித்து வேலை நடந்தால்தான் அது செலவாகும். 'நூலகத்துக்கு 100 மில்லியன் வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டால், ஆண்டிறுதியில் 'அந்தக் காசு எங்கே?' என்று கேட்கும் உரிமையை வாசகரிடமிருந்து நாமே பறித்துவிடுகிறோம்.