வீட்டு அணிச்சல் மலிவுதானா?

வீட்டில் செய்தால் மலிவு என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெண்ணெய், சீனி, மாவு தலா 250 கிராம், 5 முட்டை. எல்லாம் சேர்த்து 16 ரிங்கிட். மேல்பூச்சுக்கு 300 கிராம் கிரீம் 7, மின்சாரம் 1. மொத்தம் 24 ரிங்கிட். ஒரு கிலோ மாவுக்கலவை வெந்ததும் ஈரம் வற்றி 900 கிராமானது, கிரீமுடன் 1.2 கிலோ. ஆக, கிலோ 20 ரிங்கிட். கடையில் கிலோ 75 கேட்டார்கள்.

ஆனால், கிரீம் ஒரு லிட்டர் பெட்டியாகத்தான் கிடைத்தது. மீதி கெட்டுப்போனால் மேலும் 17 ரிங்கிட். அச்சுத்தட்டு புதிதாக வாங்கினால் 20. அப்போது கிலோ விலை 50-ஐத் தாண்டிவிடும். மூன்று மணி நேர உழைப்புக்கு மிஞ்சுவது 29 ரிங்கிட்தான். எனவே பயன்படுத்தியதை மட்டுமல்ல, வாங்கியதையும் கணக்கிடுங்கள். தட்டை இரவல் வாங்கி, கிரீமைத் தோழியோடு பங்கிட்டால்தான் வீட்டு அணிச்சல் உண்மையில் மலிவு.