உப்புக்காற்றும் ஒரு துண்டுத் துணியும்

கல்லடிக் கரையோரம் வாழ்பவர்களுக்குத் தூசு இரண்டு வகைப்படும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மேற்கிலிருந்து வந்து மேசையில் படியும் உலர்ந்த மண் ஒன்று. கடலிலிருந்து வந்து கண்ணாடியில் மங்கலாய் ஒட்டிக்கொள்ளும் உப்பு மற்றொன்று. இவ்விரண்டையும் ஒரே துணியால் துடைக்க முயல்வதிலிருந்தே எங்கள் வீட்டுச் சச்சரவு தொடங்கிற்று.

கொழும்பிலிருந்து வந்த மகள், மைக்ரோபைபர் துணிகள் அடங்கிய பொதியொன்றைக் கொண்டுவந்தாள். "அம்மா, இனி இந்தப் பழஞ்சாரத் துண்டுகளை எறிந்துவிடுங்கள்" என்றாள். மனைவியோ, மருதமுனை நெசவுச் சாரம் இருபது ஆண்டுகள் உடுத்த பின்னும் துடைக்க உதவும் என்று வாதிட்டார். தீர்ப்புக் கூறும் பொறுப்பு என்னிடம் வந்தது. செய்தியாளன் விசாரிக்காமல் தீர்ப்பு எழுதக்கூடாது அல்லவா?

ஏழு நாட்கள் துடைக்காமல் விட்ட யன்னலின் லூவர் கண்ணாடிகளை ஒவ்வொரு முறையிலும் இரண்டிரண்டாகத் துடைத்தேன். உலர்ந்த பருத்தித் துண்டு தூசில் ஒரு பகுதியை எடுத்தது, மீதியை ஓரத்துக்குத் தள்ளியது. உலர்ந்த மைக்ரோபைபர் தூசு முழுவதையும் வாரி எடுத்தது. பொலியெஸ்டரும் நைலோனும் சேர்ந்த இழைகளைப் பருத்தி இழையிலும் பன்மடங்கு மெல்லியதாய்ப் பிளந்து நெய்திருப்பதால், அந்த நுண்ணிய இடுக்குகளுக்குள் துகள்கள் சிக்கிக்கொள்கின்றன. உராய்வில் உண்டாகும் மின்னேற்றமும் தூசை இழுக்கிறது. மகள் வென்றுவிட்டதாகவே அன்று மாலை நினைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அக்கண்ணாடிகள் நான்கும் மீண்டும் மங்கியிருந்தன. காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு நீரை உறிஞ்சித் தானே கரைந்து, மெல்லிய படலமாகப் பரவும். வெயிலேறியதும் காய்ந்து வெண்மையாகும். உலர்ந்த துணி எதுவாயினும் இப்படலத்தை அகற்றாது, தேய்த்துப் பரப்பவே செய்யும். உப்புக்குத் தேவை தண்ணீர்.

ஆகவே அடுத்த இரு கண்ணாடிகளில், நல்ல தண்ணீரில் நனைத்துச் சொட்டாதவாறு பிழிந்த மைக்ரோபைபரை நான்காய் மடித்து, ஒரே திசையில் இழுத்தேன். ஒரு முகம் அழுக்கானதும் அடுத்த முகம். உடனே காய்ந்த சாரத் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்தேன். பலமுறை துவைத்துக் கஞ்சி போன பருத்தி நீரை விரைவாய்க் குடிக்கும், புதுத்துணி குடிக்காது. மறுநாட் காலையில் மங்காமல் நின்றவை இவ்விரண்டு கண்ணாடிகளே. அம்மாவும் மகளும் சேர்ந்தே வென்றார்கள்.

தெளிப்புத் திரவத்தின் கதை வேறு. முதிரை அலுமாரிக்கு நான் முன்பு ஆசையோடு வாங்கிய தெளிப்பான் சிலிக்கோன் எண்ணெய் கலந்தது. முதல் நாள் பளபளத்தது. ஒவ்வொரு வாரமும் தெளிக்கத் தெளிக்கப் படலம் தடித்து, கச்சான் மண் அதிலேயே ஒட்டிற்று. விரலால் கோடு கீறினால் கோடு நின்றது. பின்னர் பொலிஷ் அடிக்க வந்த தச்சர், பூச்சு ஆங்காங்கே குழி குழியாய் விலகுவதைக் காட்டித் தலையசைத்தார். தூசு துடைக்கத் தெளிப்பான் தேவையேயில்லை என்பது அன்று கற்ற பாடம்.

மைக்ரோபைபருக்கும் எல்லையுண்டு. அடுப்படி எண்ணெயும் சுவாமித் தட்டின் விளக்குக் கரியும் அதன் இடுக்குகளை அடைத்துவிடும். அங்கே சவர்க்கார நீரில் நனைத்த பழந்துணியே உகந்தது. துவைக்கும்போது துணி மென்மையாக்கும் திரவம் சேர்த்தால் இழைகள் மெழுகு பூசியதுபோலாகும். பருத்தியோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சுத் தும்பு ஏறும். கடற்கரை மணல் சிக்கிய துணி கைபேசித் திரையையும் கீறும். வாங்குமுன் உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். தோலின் சொரசொரப்பில் பற்றிக்கொண்டால் இழை பிளந்தது. மேசைமேல் ஒரு துளி நீரை உறிஞ்சாமல் தள்ளினால் அது பெயருக்கு மட்டும் மைக்ரோபைபர்.

இன்னொரு கணக்கும் உண்டு. அது பிளாஸ்டிக் துணி. ஒவ்வொரு துவையலிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்கின்றன. கிணற்றடி நீர் வடிகாலில் ஓடி வாவியை அடைகிறது. முகத்துவாரத்தை மணல்திட்டு மூடும் மாதங்களில் வாவிக்குள் சேர்ந்தது எளிதில் கடலுக்குப் போவதில்லை. நாம் உண்ணும் இறாலும் மீனும் அதே நீரில் வளர்கின்றன. உதிர்ந்த பருத்தி மண்ணில் மக்கிவிடும், இது மக்காது.

ஆகவே என் தீர்ப்பு இதுவே: கண்ணாடிக்கும் திரைக்கும் இரண்டு மைக்ரோபைபர் துணிகள் போதும். அவற்றை அடிக்கடி துவைக்காமல், துவைக்கும்போது இயந்திரத்திலிடாமல் குளிர்நீரில் கையால் மெதுவாகக் கசக்குங்கள். மற்ற அனைத்துக்கும் பழஞ்சாரம். மகள் கொண்டுவந்த பொதியில் எஞ்சிய துணிகள் இன்னமும் பிரிக்கப்படாமல் அலுமாரியில் இருக்கின்றன.