கூட்டு உழைப்புக்குக் கணக்கு வேண்டும்

தீபாவளி நெருங்கினால் போதும். புலனத்தில் முறுக்கு, அதிரசம், வாசல் தோரணம் ஆகியவற்றின் படங்கள் வரத் தொடங்கிவிடும். அவற்றுள் சில, அண்டை வீட்டு மகளிர் சுய உதவிக் குழுவாகச் சேர்ந்து செய்பவை. படம் அனுப்பி விற்பது எளிது. வந்த பணத்தை மனக்கசப்பின்றிப் பகிர்வதே கடினம். ஆகவே, விற்பனைக்கு முன்பே பொறுப்புகளையும் பங்கீட்டு முறையையும் எழுதி வைக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலாவதாக, முன்பதிவு எடுப்பவரும் பணத்தைச் சரிபார்ப்பவரும் வெவ்வேறு ஆளாக இருக்க வேண்டும். புலனத்தில் வரும் முன்பதிவுகள் அடுத்தடுத்த செய்திகளுக்கிடையே மறைந்துவிடும். எனவே, ஒருவர் அவற்றை உடனுக்குடன் ஒரே குறிப்பேட்டில் எழுத வேண்டும். மற்றொருவர் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டும். பணம் செலுத்திய ரசீதின் படத்தை மட்டும் நம்பக்கூடாது. பழைய ரசீதையே ஒருவர் மீண்டும் அனுப்பக்கூடும். வாரந்தோறும் இருவரின் பதிவுகளையும் ஒப்பிட்டால் விடுபட்டவை தெரிந்துவிடும்.

அடுத்து, இலாபத்தை எப்படிப் பகிர்வது? ஐவர் உள்ள ஒரு குழு 60 போத்தல் முறுக்கைத் தலா 15 ரிங்கிட்டுக்கு விற்றதாகக் கொள்வோம். வரவு 900 ரிங்கிட். மாவு, எண்ணெய், எரிவாயு, போத்தல் ஆகியவற்றுக்கு 480 ரிங்கிட் செலவு. அடுத்த முறைக்கான முதலாக 60 ரிங்கிட்டை ஒதுக்கினால் 360 ரிங்கிட் எஞ்சும். சமமாகப் பிரித்தால் ஒருவருக்கு 72 ரிங்கிட் கிடைக்கும். ஆனால், இருவர் ஆளுக்கு 15 மணி நேரம் அடுப்பருகே நின்றனர். பொட்டலமிட்டவர் 6 மணி நேரமும், முன்பதிவு எடுத்தவர் 5 மணி நேரமும், கணக்கெழுதியவர் 4 மணி நேரமும் உழைத்தனர். மொத்தம் 45 மணி நேரம். ஆக, ஒரு மணி நேரத்திற்கு 8 ரிங்கிட். முறுக்குச் சுட்டவர் ஒவ்வொருவரும் 120 ரிங்கிட் பெறுவார். கணக்கெழுதியவர் 32 ரிங்கிட் பெறுவார். கைப்பேசியில் செய்த வேலைக்கும் இதில் கூலி உண்டு.

இம்முறை இன்னொன்றையும் காட்டும். ஒரு தோரணத்தை 20 ரிங்கிட்டுக்கு விற்கிறார்கள். மணிக்கும் நூலுக்கும் 12 ரிங்கிட் ஆகிறது. கோப்பதற்கு 2 மணி நேரம் பிடிக்கிறது. அப்படியானால், ஒரு மணி நேரத்திற்கு 4 ரிங்கிட்தான். முறுக்கோடு சேர்த்துக் கணக்கிட்டால் இக்குறை தெரியாது. தனித்தனியே எழுதினால்தான் தோரணத்தின் விலையை உயர்த்த வேண்டும் என்பது புரியும்.

“பழகியவர்களுக்குள் மணிக்கணக்கு பார்ப்பதா?” எனச் சிலர் கேட்கலாம். அடுப்பருகே அதிக நேரம் நின்றவர் சம பங்கைப் பெற்று, மனத்துக்குள் புழுங்கி, அடுத்த தீபாவளிக்கு வராமல் போவதைவிட இது மேலானது. குறிப்பேடு அனைவரின் பார்வைக்கும் திறந்திருந்தால், யாரும் யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை.