நிரந்தர உரிமத்துக்கும் ஆயுள் உண்டு
ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில், 6 லட்ச ரூபாய் மென்பொருள் உரிமத்தை ‘ஆயுள் வரையறையற்றது’ என்று போட்டு, அமார்டைசேஷனே செய்யாமல் விட்டிருந்தார்கள். உரிமப் பத்திரத்தில் ‘நிரந்தரம்’ என்று இருக்கிறதாம்! பத்திரம் காலாவதியாகாது, சரி, மென்பொருள்? தயாரிப்பாளர் 5 ஆண்டில் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டால், எந்த அலுவலகம் அதை நம்பி ஓட்டும்? தொழில்நுட்பம் சீக்கிரம் பழசாகிவிடும், ஆகவே மென்பொருளின் ஆயுள் பெரும்பாலும் குறுகியதே என்று இந்தியக் கணக்கியல் தரநிலை 38 சொல்லியே வைத்திருக்கிறது. அந்த 5 ஆண்டுக் கணக்கில் ஆண்டுக்கு 1.2 லட்சம் லாபத்திலிருந்து கழிய வேண்டும். வருமானம் எப்போது நிற்கும் என்று எல்லை சொல்ல முடியாத, சொற்பச் செலவில் புதுப்பித்துக்கொண்டே போகக்கூடிய வணிகச்சின்னம் போன்றவற்றுக்குத்தான் அமார்டைசேஷன் செய்யாமல் விடும் சலுகை. அவற்றுக்கும் ஆண்டுதோறும் மதிப்பிழப்புச் சோதனை கட்டாயம்.